நடுகல் தாத்தாவின் குரல்: அனிமேஷனுக்காகக் குரல் நகல் எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாத மாலையில், தர்மபுரி கடைவீதியில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று துணிக்கடைத் தள்ளுபடியை அறிவித்துக்கொண்டு போனது. எனக்குத் தெரிந்த குரல் அது. பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் கூத்து வாத்தியார் ஒருவருடையது. அவர் எழுபது வயதைத் தாண்டியவர். ஐம்பது ஆண்டுகளாக, கூத்தில் கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் வேடம் கட்டுபவர். ஆனால் அந்த அறிவிப்பில் இருந்த ஒரு வாக்கியத்தையும் அவர் பேசியதில்லை. அவர் பதிவிலிருந்து நாங்கள் எடுத்து வைத்திருந்த, எழுதிக் கொடுத்ததையெல்லாம் அவர் குரலிலேயே சொல்லும் கணினிக் குரல் நகல்தான் பேசிக்கொண்டிருந்தது.

எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் லேசாகத் தொண்டையைச் செருமும் ஓசை. வாத்தியார் சிரிப்பதற்கு முன் மட்டும்தான் அப்படிச் செருமுவார். நாங்கள் இயந்திரத்துக்குக் கொடுத்த மாதிரித் துண்டு அந்தச் செருமலோடு தொடங்கியது. வெட்டியெறியச் சோம்பல்பட்டு விட்டுவிட்டோம். இயந்திரத்துக்குப் பழக்கம் எது, தற்செயல் எது என்று தெரியாது. எதைச் சொன்னாலும் செருமிவிட்டே சொன்னது.

எங்கள் அனிமேஷன் தொடரில் குரல் திருத்தும் வேலைக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர், நகல் கோப்பைத் தன் நண்பருக்குக் கொடுத்திருந்தார். அவர் மீது கோபப்பட எங்களுக்குத் தகுதியில்லை. வாத்தியாரிடம் நாங்கள் வாங்கியிருந்த அனுமதியே இவ்வளவுதான்: “ஐயா, உங்கள் குரலைப் பதிவு செய்துகொள்ளட்டுமா?” “தாராளமாகச் செய்துகொள் தம்பி.” பதிவுக்கு அனுமதி கொடுத்தார். அதைக் கொண்டு அவர் சொல்லாததைச் சொல்லவைக்க யாருக்கும் அவர் அனுமதி கொடுக்கவில்லை, எங்களுக்கும்கூட.

அந்த நகலை அழித்தோம். அவரிடம் நேரில் போய் நடந்ததைச் சொன்னோம். பிறகு ஆறு மாதம் கழித்து முறையாகத் தொடங்கினோம். அந்த இரண்டாவது முறை எப்படிச் செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அனிமேஷன் பாத்திரத்துக்கு முதன்முதலாகக் குரல் நகல் எடுக்கப் போகிறவர்கள் இதே வரிசையில் போனால் போதும்.

நகல் உண்மையிலேயே வேண்டுமா?

எங்கள் தொடரின் நாயகன் ஏரிக்கரையில் நிற்கும் ஒரு நடுகல். ஆநிரை மீட்கப் போய் இறந்த வீரன், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளிடம் பேசுகிறான். பிள்ளைகள் அவனை நடுகல் தாத்தா என்கிறார்கள். நடுகற்கள் நிறைந்த மாவட்டம் என்பதால் பாத்திரத்தைத் தேடி நாங்கள் எங்கும் போகவில்லை.

ஓர் அத்தியாயம் நான்கு நிமிடம். அதில் தாத்தா பேசுவது முப்பது, முப்பத்தைந்து வாக்கியம். வாத்தியாரைப் போன்ற அனுபவசாலி அதை முக்கால் மணி நேரத்தில் பேசி முடித்துவிடுவார். நகல் வழியாகச் செய்தால் ஒரு வாக்கியத்துக்கு மூன்று நான்கு முறை முயன்று, அதில் நல்லதைப் பொறுக்கி, இழுவையைச் சரிசெய்து, கடைசியில் அரை நாள் போகும். கூலி மிச்சம், நேரம் மிச்சம் என்று நினைத்து இதில் இறங்குபவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எங்களுக்கு நகல் தேவைப்பட்டது ஒரே ஒரு காரணத்துக்கு. படம் வரைந்து முடித்தபின் வசனம் மாறும். ஒரு வாக்கியத்தைச் சுருக்க வேண்டியிருக்கும், ஒரு பெயரை மாற்ற வேண்டியிருக்கும். பங்குனி, சித்திரையில் வாத்தியார் ஊர் ஊராகப் பாரதக் கூத்துக்குப் போய்விடுவார். மூன்று இரவு ஆடிய தொண்டையில் நான்காம் நாள் குரலே இருக்காது. ஆகவே முதன்மைப் பதிவு முழுவதும் அவர் வாயால், திருத்த வாக்கியங்கள் மட்டும் நகலால் என்று முடிவு செய்தோம். இப்படி எல்லையை முன்பே போட்டுவிட்டால் பிறகு கேட்க வேண்டிய அனுமதியும் சிறியதாக, தெளிவானதாக ஆகிவிடுகிறது.

முதல் நகல் உங்களுடையதாக இருக்கட்டும்

அனுமதி கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. குரல் நகல் என்றால் என்னவென்று கேட்டுப் பார்க்காதவருக்கு எதற்கு அனுமதி தருகிறோம் என்பது விளங்காது. கேட்கவைக்க வேண்டுமானால் அவர் குரலையே நகலெடுக்க வேண்டும். அதற்கோ அனுமதி வேண்டும்.

நான் கண்ட வழி, என் குரலை முதலில் நகலெடுப்பது. கைப்பேசியில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து, அதைக் கருவிக்குக் கொடுத்து, நான் ஒருநாளும் சொல்லாத மூன்று வாக்கியங்களைச் சொல்லவைத்தேன். முதலாவது சாதாரண வாக்கியம். இரண்டாவது, யாரிடமோ பணம் கேட்பது. மூன்றாவது, என் தம்பியைப் பற்றி ஒரு பொய். மூன்றையும் என் அம்மாவிடம் போட்டுக்காட்டினேன். இரண்டாவதைக் கேட்டதும், “யாரிடம் கடன் வாங்கினாய்?” என்று அவர் அடுப்படியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். அதுவரை நான் தொழில்நுட்பம் என்று பேசிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

இதே மூன்று வாக்கியங்களைத்தான் வாத்தியாருக்கும் போட்டுக்காட்டினேன். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என் நகலைக் கேட்டார். பிறகு அவர் சம்மதத்தோடு ஒரு நிமிடப் பதிவில் அவர் குரலுக்கு ஒரு தற்காலிக நகல் எடுத்து, அவர் கொடுத்த ஒரு வாக்கியத்தையும் நான் கொடுத்த ஒரு வாக்கியத்தையும் சொல்லவைத்தேன். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. “வேடம் கட்டுபவன் நான். இங்கே எனக்கே ஒருவன் வேடம் கட்டுகிறான்” என்றார். அந்தத் தற்காலிக நகலை அவர் கண்முன் அழித்துவிட்டு, “யோசித்துச் சொல்லுங்கள், அடுத்த வாரம் வருகிறேன்” என்று கிளம்பினேன். அன்றைக்கே கையெழுத்துக் கேட்கக் கூடாது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்காகச் சரி என்று சொல்லிவிடும் பழக்கம் நம் ஊரில் அதிகம், அதுவும் காபி குடித்த வீட்டில்.

எதற்கு அனுமதி கேட்கிறோம்?

அடுத்த வாரம் போனபோது ஒரே கேள்வியாகக் கேட்கவில்லை. குரலைப் பதிவு செய்வது தனி. அந்தப் பதிவிலிருந்து நகல் செய்வது தனி. அந்த நகலைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட வாக்கியத்தைச் சொல்லவைப்பது முற்றிலும் தனி. முதலாவதற்குச் சரி என்பவர் இரண்டாவதை மறுக்கலாம். இரண்டுக்கும் சரி என்பவரும் மூன்றாவதில் ஒவ்வொரு வாக்கியத்தையும் கேட்ட பிறகே விட வேண்டும் என்று சொல்லலாம். வாத்தியார் அப்படித்தான் சொன்னார். புதிதாக வருபவர்கள் கோட்டைவிடுவது மூன்றாவதில்தான். குரலுக்கு அனுமதி வாங்கிவிட்டோம் என்று நினைக்கிறார்கள். வாக்கியத்துக்கு அனுமதி வேண்டும் என்பது தோன்றுவதே இல்லை.

எதைச் சொல்லக் கூடாது என்று கேட்டபோது அரசியல், விளம்பரம், சாதிப் பெருமை என்று நான் ஒரு பட்டியலோடு போயிருந்தேன். விளம்பரம் என்ற சொல் வந்ததும் இருவருமே கொஞ்சம் சிரித்தோம். அவர் அவற்றுக்கெல்லாம் தலையாட்டிவிட்டு, நான் நினைத்தே பார்க்காத இரண்டைச் சேர்த்தார். கூத்துப் பாட்டை இயந்திரம் பாடக் கூடாது, அதிலும் பாஞ்சாலி சபதத்தில் ஓர் அடியைக்கூடத் தொடக் கூடாது. அது விரதம் இருந்து பாடுவது. இரண்டாவது, குடிகாரன் வேடிக்கை கூடாது. மேடையில் கட்டியங்காரனாக அவர் அதைச் செய்வார்தான். “அங்கே எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வேன். உன் பெட்டி பார்க்குமா?” என்று கேட்டார். எல்லைகளை நீங்கள் எழுதிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்காதீர்கள். அவர்களைச் சொல்லவிடுங்கள்.

மொழி விஷயமும் வந்தது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள பிள்ளைகள் ஏராளம். ஒரு மொழியில் எடுத்த நகலைப் பிற மொழிகளிலும் பேசவைக்கும் கருவிகள் இப்போது இருக்கின்றன. தெலுங்கு என்றதும், “எனக்கே வருமே, நானே பேசிவிடுகிறேன்” என்றார். கன்னடத்துக்கு மறுத்துவிட்டார். “எனக்குத் தெரியாத மொழியில் என் வாய் என்ன சொல்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?” அவருக்குப் புரியாத மொழியில் அவரால் வாக்கியங்களைக் கேட்டு ஒப்புதல் தர முடியாது என்பதால் அந்த மறுப்பு முழுக்க நியாயம். கன்னடத்துக்கு வேறு கலைஞரைத் தேடினோம்.

இன்னொரு சப்பைக்கட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். “கார்ட்டூன் பாத்திரம்தானே, குரலின் சுருதியை மாற்றிவிடப் போகிறோம், யாருக்குத் தெரியும்?” நடுகல் பேசுவதாகத் தோன்ற வேண்டும் என்று நாங்களும் குரலைத் தாழ்த்திச் சற்று எதிரொலி சேர்த்திருந்தோம். நான்காம் வகுப்புப் படிக்கும் அவர் பேத்தி முதல் வாக்கியத்திலேயே “எங்கள் தாத்தா” என்றாள். சுருதி மாறினாலும் நிறுத்தும் இடம், இழுக்கும் இடம், சொல்லை அழுத்தும் விதம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆளை அடையாளம் காட்டுபவை அவைதான்.

தாளில் எழுதுவது

சட்டம் எங்கே நிற்கிறது என்று சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கலைஞர் நிகழ்த்தியதைப் பாதுகாக்கிறது. 38ஆம் பிரிவின்படி அந்த உரிமை 50 ஆண்டு நிற்கும். 2012இல் சேர்த்த 38பி பிரிவு, தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கேட்கவும், தன் நற்பெயர் கெடும்படி நிகழ்த்தியதைச் சிதைத்தால் எதிர்க்கவும் கலைஞருக்கு உரிமை தருகிறது. இவையெல்லாம் பதிவான நிகழ்ச்சியைப் பற்றியவை. குரல் என்ற குணத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. அந்த இடைவெளியை நீதிமன்றங்கள் நிரப்பி வருகின்றன. பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில் 2024 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம், அனுமதியின்றிச் செயற்கை நுண்ணறிவால் அவர் குரலைப் படியெடுப்பதற்கு இடைக்காலத் தடை விதித்தது. புகழ்பெற்றவர்களால் நீதிமன்றம் போக முடியும். பென்னாகரத்துக் கூத்துக் கலைஞருக்கு உங்கள் தாள்தான் பாதுகாப்பு, அதனால் அதை ஒழுங்காக எழுதுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். கலைஞர்களின் உரிமைக்கும் இது பொருந்தும். “எல்லாக் காலத்துக்கும், எல்லா ஊடகத்துக்கும், உலகம் முழுவதும்” என்று ஆங்கிலத்தில் அச்சடித்து வரும் ஆயத்தத் தாள்கள் இந்தப் பாதுகாப்பை ஒரே வரியில் பறித்துவிடுகின்றன. இணையத்தில் கிடைக்கும் அந்தத் தாளை எடுத்து நீட்டாதீர்கள். நாங்கள் தமிழில் எழுதியது இது:

“நடுகல் தாத்தா என்ற அனிமேஷன் பாத்திரத்தின் 12 அத்தியாயங்களுக்காக என் குரலைப் பதிவு செய்யவும், அந்தப் பதிவிலிருந்து ஒரு குரல் நகல் செய்யவும் சம்மதிக்கிறேன். நான் பேசிய வசனத்தில் திருத்தம் வரும்போது மட்டும் நகலைப் பயன்படுத்தலாம். நகல் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் நான் கேட்டுச் சரி என்று சொன்ன பிறகே வெளியிட வேண்டும். தமிழ் தவிர வேறு மொழியில் நகல் பேசக் கூடாது. கூத்துப் பாடல், குடிகாரன் வேடிக்கை, விளம்பரம், அரசியல் எதற்கும் கூடாது. நகலை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. இந்தச் சம்மதம் இரண்டு ஆண்டுக்கு. அதற்கு முன்பும் ஒரு தொலைபேசி அழைப்பில் இதை நான் திரும்பப் பெறலாம். அப்போது பதிவும் நகலும் ஏழு நாளில் அழிக்கப்படும், ஏற்கெனவே வெளிவந்த அத்தியாயங்கள் மட்டும் இருக்கும்.”

இதோடு ஊதியமும் உண்டு. பதிவுக்கு ஒரு தொகை. நகல் வழியாக வெளிவரும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும், அவர் நேரில் பேசியிருந்தால் கிடைத்திருக்கும் அதே தொகை. இந்த இரண்டாவது ஏற்பாட்டை நான் வலியுறுத்துவேன். நகல் மலிவாக இருந்தால் கை தானாக நகல் பக்கம் போகும். இரண்டும் ஒரே விலை என்றால், தேவைப்படும்போது மட்டும் போகும்.

2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதம் என்பது கட்டாயமின்றி, குறிப்பாக, விவரம் அறிந்து தருவதாக இருக்க வேண்டும் என்கிறது. தருவது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுக் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. ‘ஒரு தொலைபேசி அழைப்பில்’ என்று நாங்கள் எழுதியது அதை மனத்தில் வைத்துத்தான். வாத்தியாருக்கு மின்னஞ்சல் கிடையாது.

எழுதியதை அவர் படித்து, பிறகு அவர் வாயாலேயே உரக்க வாசிக்க, அதையும் பதிவு செய்தோம். தேதியும் ஊர்ப் பெயரும் சேர்த்து வாசித்தார். தாள் ஒரு படி அவரிடம், ஒலிக்கோப்பு அவர் மகள் கைப்பேசியில்.

பதிவு நாள்

இதில் சொல்ல அதிகம் இல்லை. மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலில் போர்வை தொங்கவிடுங்கள், ஆடு கத்தினால் நிறுத்தி மறுபடி எடுங்கள். சில கருவிகளுக்கு ஓரிரு நிமிட ஒலி போதும். இலெவன்லேப்ஸ் நிறுவனத்தின் தொழில்முறை நகலுக்குக் குறைந்தது அரை மணி நேர ஒலி வேண்டும், குரலுக்கு உரியவர் திரையில் வரும் வாசகத்தைப் படித்துத் தன்னை உறுதிப்படுத்தவும் வேண்டும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு வெளியிட்ட இண்டிக்எஃப்5 தமிழிலும் பேசும். வெளிப்படையான அனுமதி உள்ள குரல்களை மட்டுமே நகலெடுக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நிறுவனத்தின் இணையத்தளத்தில் பதிவேற்றுவதாக இருந்தால், அங்கே அந்த ஒலியை வைத்து அவர்கள் என்னென்ன செய்யலாம் என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைப் படித்து, கலைஞருக்குத் தமிழில் சொல்லுங்கள். நாங்கள் சொந்தக் கணினியில் இயங்கும் கருவியையே எடுத்துக்கொண்டோம்.

இணையத்தில் கிடக்கும் கூத்துப் பதிவுகளை எடுத்து மாதிரியாகக் கொடுக்க ஆசை வரும். வேண்டாம். அதில் ஜமாவில் உள்ள மற்றவர் குரலும், முகவீணையும், தாளமும் கலந்திருக்கும். நகல் தெளிவாக வராது. அவர்கள் யாரும் சம்மதம் தந்ததும் இல்லை.

இன்னொருவர் நடிக்கும்போது

எழுத்தைக் கொடுத்துப் பேசவைத்தால் தமிழ் நகல்கள் பெரும்பாலும் செய்தி வாசிப்பது போலத்தான் வரும். தர்மபுரிப் பேச்சின் ஏற்ற இறக்கம் அதில் இருக்காது. இதற்காக வேறொரு நடிகரைப் பேசவைத்து, அவர் பேச்சின் மேல் நகல் குரலைப் போர்த்தும் முறையைப் பலர் பயன்படுத்துகிறார்கள். நடிப்பு ஒருவருடையது, குரல்நிறம் இன்னொருவருடையது. அப்போது அனுமதி இரண்டு பேரிடம் வாங்க வேண்டும், பெயரும் இரண்டு பேருக்கும் போட வேண்டும். நடித்தவர் பெயர் காணாமல் போவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். குரல் அவருடையதாகக் கேட்பதில்லை என்பதால் யாருக்கும் உறுத்துவதும் இல்லை.

மிமிக்ரி நம் ஊரில் செழித்த கலை என்பதால் இன்னொரு குறுக்குவழியும் உண்டு. புகழ்பெற்ற நடிகர் ஒருவரைப் போலப் பேசும் கலைஞரை அழைத்து, அவரிடம் முறையாகச் சம்மதம் வாங்கி, அந்தப் போலிக்குரலை நகலெடுப்பது. தாளில் எல்லாம் சரியாக இருக்கும். கேட்பவர் காதிலோ நடிகர்தான் பேசுவார். அமெரிக்காவில் ஒரு கார் விளம்பரத்துக்குப் பாடகி பெட் மிட்லர் பாட மறுத்ததும், அவருக்குப் பின்னணி பாடிய ஒருவரை அவரைப் போலவே பாடவைத்தார்கள். 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மிட்லர் பக்கம் நின்றது. அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் மேடையில் பத்து நிமிடம் செய்யும் மிமிக்ரியும், எப்போதும் எதையும் பேசக்கூடிய நகலும் ஒன்றல்ல என்பது விளங்கச் சட்டம் தேவையில்லை.

பிள்ளைப் பாத்திரங்களுக்குக் குழந்தைகளின் குரலை நகலெடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் ஒப்பந்தம் செய்ய முடியாது. பெற்றோர் கையெழுத்திடலாம், ஆனால் பத்து வயதில் பேசிய குரலைப் பற்றி இருபது வயதில் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும் என்று பெற்றோருக்கும் தெரியாது. எங்கள் தொடரில் பிள்ளைகள் நேராகவே பேசினார்கள். ஒருவனுக்கு நடுவில் குரல் உடைந்தது. கதையில் அந்தப் பாத்திரத்துக்கும் ஒரு வயது கூட்டினோம்.

கோப்பு யார் கையில்?

ஆட்டோவில் கேட்ட குரல் கற்றுத்தந்தது இந்தப் பகுதி. நகல் கோப்பு ஒரே கணினியில், கடவுச்சொல்லுக்குள் இருக்க வேண்டும். பென்டிரைவில், வாட்ஸ்அப் குழுவில், எல்லோரும் திறக்கும் கூகுள் டிரைவில் இருக்கக் கூடாது. திருத்தம் செய்பவருக்கு நகல் தேவையே இல்லை; தேவையானது முடிந்த வாக்கியத்தின் ஒலிக்கோப்பு மட்டும். இந்த வேறுபாட்டை அப்போது உணர்ந்திருந்தால் ஆட்டோ அந்தக் குரலில் பேசியிருக்காது.

பள்ளி நோட்டு ஒன்றில் பதிவேடு வைத்தோம். ஒரு வரிக்கு ஒரு வாக்கியம்: தேதி, அத்தியாயம், பழைய வசனம், புதிய வசனம், ஏன் மாற்றம், வாத்தியார் கேட்ட நாள், அவர் பதில். கடைசி இரண்டு கட்டங்களும் நிரம்பாமல் எந்த வாக்கியமும் படத்தில் சேராது. வாட்ஸ்அப்பில் ஒலியை அனுப்புவோம், அவர் பேசிப் பதில் அனுப்புவார். சில சமயம் இரண்டு நாள் ஆகும். திருவிழாக் காலத்தில் ஒரு வாரமும் ஆனது. வேலை அட்டவணையில் அந்த வாரத்தை முன்பே சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பப் பெற்றால், இறந்துவிட்டால்

சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் எதையெல்லாம் அழிக்க வேண்டும் என்று முன்பே எழுதிவைப்பது நல்லது: மூலப் பதிவு, துண்டாக்கிய கோப்புகள், நகல், அது பேசிய சோதனை வாக்கியங்கள், இவை எல்லாவற்றின் காப்புப் படிகள். நகலை மட்டும் அழித்துவிட்டு மூலப் பதிவை வைத்திருந்தால் அரை மணி நேரத்தில் இன்னொரு நகல் செய்துவிடலாம்; அது அழித்ததாகாது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. பல கலைஞர்களின் பதிவுகளை ஒன்றாகப் போட்டு ஒரே நகலைப் பயிற்றுவித்தால், பிறகு ஒருவரை மட்டும் அதிலிருந்து எடுப்பது நடைமுறையில் முடியாது. முழுவதையும் தூக்கிப்போட வேண்டியதுதான். ஆகவே ஆளுக்கொரு நகலாகத் தனித்தனியே செய்யுங்கள்.

இறப்பைப் பற்றிக் கேட்க எனக்குத் தயக்கம். வாத்தியாரே தொடங்கினார்: “நான் போன பிறகு இந்தப் பெட்டி பேசுமா?” மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் 2024இல் மீட்டுப் பயன்படுத்தியபோது, குடும்பங்களிடம் அனுமதி பெற்று உரிய ஊதியம் தந்ததாக ஏ.ஆர்.ரஹ்மான் சொன்னார். அதே ஆண்டில் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக அவர் மகன் எஸ்.பி.சரண் தெலுங்குப் படக்குழு ஒன்றுக்கு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினார். இரண்டையும் சொன்னேன். இரண்டிலும் பதில் சொல்ல வேண்டியிருந்தவர்கள் பாடியவர்கள் அல்ல, வீட்டில் இருந்தவர்கள். வாத்தியாரோ இருக்கும்போதே பதில் சொல்லிவிட்டார். எடுத்துக்கொண்டிருக்கும் அத்தியாயம் மட்டும் முடியட்டும், பிறகு நகல் அழிய வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இளைய மகளுக்கு. மூத்த மகனுக்கு ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை. மகள் பெயரும் கையெழுத்தும் தாளில் சேர்ந்தன.

வெளியிடும்போது

படத்தின் கடைசியில் “நடுகல் தாத்தாவுக்குக் குரல்” என்று அவர் பெயரைப் போட்டு, அதன் கீழே “சில திருத்த வாக்கியங்கள் அவர் சம்மதத்துடன் குரல் நகலால் உருவாக்கப்பட்டவை” என்று தமிழில், படிக்க முடிகிற அளவில், நான்கு நொடி நிறுத்தினோம். யூடியூப் அப்பட்டமான கற்பனை அனிமேஷனுக்குச் செயற்கை உள்ளடக்க அறிவிப்பைக் கேட்பதில்லை. ஆனால் இன்னொருவர் குரலை நகலெடுத்துப் பின்னணிக்குப் பயன்படுத்தினால் அறிவிக்கச் சொல்கிறது. பதிவேற்றும்போது அந்தக் கட்டத்தில் ‘ஆம்’ என்று குறித்தோம்.

ஐந்தாம் அத்தியாயத்தில், ஏரியில் நீர் வற்றிய ஆண்டைப் பற்றிய ஒரு வாக்கியத்தை மாற்ற வேண்டியிருந்தது. “உண்மையில் அந்த ஆண்டு மழை பொய்த்துவிட்டது, குழந்தைகளே” என்று நகல் தெளிவாகச் சொன்னது. செருமல்கூட இல்லை. வாத்தியாருக்கு அனுப்பினோம். மாலையில் பதில் வந்தது. முதலில் ஒரு சிரிப்பு, பிறகு: “உண்மையில் என்று நான் எப்போது பேசினேன்? தாத்தா அப்படிச் சொல்ல மாட்டான்.” அதைத் தொடர்ந்து, பின்னால் பஸ் ஹாரன் கேட்க, அவரே சொல்லி அனுப்பியிருந்தார்: “அந்த வருசம் வானம் நம்மை ஏமாற்றிவிட்டதடா, கண்ணுகளா.” ஹாரனை நீக்கி அதையே படத்தில் வைத்தோம். நோட்டில் அந்த வரியில், அவர் பதில் என்ற கட்டத்தில், ‘நகல் வேண்டாம், நானே’ என்று இருக்கிறது. 12 அத்தியாயங்களில் நகல் பேசியது கடைசியில் 19 வாக்கியம்.